டைட்டிலுக்கு முந்தைய இரண்டு நிமிடம்: ஆவணப்படத்தின் கோல்டு ஓப்பன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோல்டு ஓப்பன் என்பது டிரெய்லர் மாதிரிதானே? நல்ல ஷாட்டுகளையெல்லாம் சேர்த்து ஒட்டிவிட்டால் போதாதா?

போதாது. கோல்டு ஓப்பன் என்பது டைட்டில் வருவதற்கு முன்னாலேயே ஓடும் தொடக்கக் காட்சி. டிரெய்லர் பார்க்கிறவர் இன்னும் படத்துக்கு வரவில்லை, அவரை வரவழைக்க வேண்டும். கோல்டு ஓப்பன் பார்க்கிறவர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு விளம்பரம் எதற்கு? இந்தப் படம் எதைப் பற்றிக் கவலைப்படப் போகிறது என்பதை அவர் மனதில் ஒரு கேள்வியாகப் போட்டுவிட்டு நகர வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை.

பன்னிரண்டு இடத்திலிருந்து இரண்டிரண்டு விநாடி எடுத்து, கீழே தடதடவென்று தாளம் போட்டால் பரபரப்பு வரும், கேள்வி வராது. நான் முதலில் செய்த இரண்டு படங்களிலும் அப்படித்தான் செய்தேன். இப்போது பார்த்தால் செய்திச் சேனலின் ‘இன்றைய நிகழ்ச்சியில்’ போல இருக்கிறது. இரண்டு அல்லது மூன்று தருணங்கள் போதும். ஒவ்வொன்றும் மூச்சு விடும் அளவுக்கு நீளமாக இருக்கட்டும்.

எது வலுவான தருணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு எல்லாமே வலுவாகத்தான் தெரிகிறது.

எடுத்தவருக்கு எல்லாம் வலுவாகத்தான் தெரியும். அந்த வெயிலில் நின்றது, அந்த மனிதரோடு டீ குடித்தது எல்லாம் ஷாட்டோடு ஒட்டிக்கொண்டே வரும். அதைப் பிரித்துப் பார்க்க எனக்கு உதவுவது ஒரு சாதாரணத் தாள். மூன்று பத்திகள் போடுங்கள். முதலாவதில் டைம்கோடு. இரண்டாவதில் என்ன நடக்கிறது என்று ஒரு வரி. மூன்றாவதில், ‘இது புரிய வேண்டுமென்றால் பார்ப்பவருக்கு முன்கூட்டியே என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்?’

மூன்றாவது பத்தியில் இரண்டு வரிக்கு மேல் எழுத நேர்ந்தால், அந்தத் தருணம் எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் படத்தின் நடுவில்தான் அதற்கு இடம். அந்தப் பத்தி காலியாக, அல்லது கிட்டத்தட்டக் காலியாக இருப்பவைதான் டைட்டிலுக்கு முன்னால் வரத் தகுதியானவை.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம், இந்தப் பக்கம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டு போகலாம். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் ஐம்பது வயதுப் பெண் ஒருவரைப் பற்றி 52 நிமிடப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் பாத்தியை மிதித்துச் சீராக்குவதில் தொடங்கி, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்து வேலை நிற்பது வரை ஒரு பருவம் முழுக்கப் படம் பிடித்திருக்கிறீர்கள். மே மாதத்தில் ஒரு ராத்திரி கோடை மழை கொட்டுகிறது, குவித்து வைத்த உப்பைக் காப்பாற்ற எல்லோரும் ஓடுகிறார்கள். படத்தில் அது 38-ஆம் நிமிடத்தில் வருகிறது.

தாளில் ஆறு தருணங்கள் தேறின என்று வைப்போம். கூலி முன்பணம் குறித்துக் காண்டிராக்டரோடு அந்த அம்மா போடும் சண்டை. மகளின் தேர்வு முடிவு போனில் வருவது. விடிகாலையில் வெள்ளைக் கட்டங்களாகப் பாத்திகள் தெரியும் ட்ரோன் ஷாட். உப்பு வாரிக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, தலையைத் தூக்கி வானத்தைப் பார்ப்பது, பதினொரு விநாடி, பேச்சே இல்லை. பேட்டியில் அவர் சொன்ன ஒரு வாக்கியம்: “மழை வரணும்னு ஊரே சாமி கும்பிடுது, நாங்க மட்டும் வராதேன்னு கும்பிடுறோம்.” கடைசியாக அந்த மழை ராத்திரி.

சண்டை பிரமாதம்தான். ஆனால் அது யார், எந்த முன்பணம், ஏன் இந்த அம்மாவுக்கு இத்தனை கோபம் என்று மூன்றாவது பத்தி நிரம்பி வழியும். தேர்வு முடிவும் அப்படியே, மகளை நமக்குத் தெரியாதவரை அது யாரோ ஒருவரின் போன். ட்ரோன் ஷாட்டுக்கு எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் அதைப் பார்த்ததும் ‘அழகு’ என்று தோன்றுகிறதே தவிர, ‘அப்புறம்?’ என்று கேட்கத் தோன்றுவதில்லை. மீதி மூன்றும் நிற்கின்றன. வானத்தைப் பார்ப்பது, அந்த வாக்கியம், மழை.

சரி, மூன்று தருணம் கிடைத்துவிட்டது. அதை எப்படி அடுக்குவது?

ஒலியிலிருந்து தொடங்குங்கள். திரை கறுப்பாக இருக்கும்போதே உப்பு வாரும் சத்தம் வரட்டும், ஐந்தாறு விநாடி. என்ன சத்தம் என்று காது தேடும்போது படம் வருகிறது: பலகை, உப்பு, கை. முகம் வேண்டாம். இருபது விநாடி வேலை மட்டும். இந்த இருபது விநாடிதான் பார்ப்பவருக்கு ‘இது உழைப்பு, இது வெயில், இதுதான் பொருள்’ என்று சொல்லித் தருகிறது. எந்த எழுத்தும், எந்தக் குரலும் தேவையில்லை.

அப்புறம் தூரத்து ஷாட். அவர் நிறுத்துகிறார், வானத்தைப் பார்க்கிறார். வாரும் சத்தம் நின்றுபோனது காதில் உறைக்க வேண்டும், அதனால் இங்கே காற்றைத் தவிர எதையும் வைக்காதீர்கள். பதினொரு விநாடியையும் விடுங்கள். வெட்டச் சொல்லிக் கை பரபரக்கும், ஏழாவது விநாடியில் கட்டாயம் பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஷாட்டின் கடைசி இரண்டு விநாடியில் அவர் குரல் நுழைகிறது, படம் இன்னும் வானத்தைப் பார்த்தபடிதான் இருக்கிறது. “மழை வரணும்னு ஊரே சாமி கும்பிடுது...” வாக்கியத்தின் முதல் பாதி பகலில் முடிகிறது. “நாங்க மட்டும்” என்ற இடத்தில் ராத்திரிக்கு வெட்டுகிறோம். டார்ச் வெளிச்சம், ஓடும் கால்கள், படபடக்கும் தார்பாய். வாக்கியத்தின் இரண்டாம் பாதி மழைச் சத்தத்தின் மேல் விழுகிறது. பேட்டி கொடுக்கும் முகத்தை எங்கேயும் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் காட்டிவிட்டால், அந்த அம்மா பத்திரமாக இருக்கிறார், எல்லாம் முடிந்துபோன கதை என்று பார்ப்பவர் நிம்மதியாகிவிடுவார்.

ராத்திரிக் காட்சிக்கு முப்பத்தைந்து நாற்பது விநாடி. தார்பாயின் ஒரு மூலை காற்றில் எழும்புகிறது, அவர் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார், கயிறு நழுவுகிறது, தார்பாய் முழுசாகத் தூக்கிக்கொள்கிறது. கறுப்பு. மழைச் சத்தம் மட்டும் இரண்டு விநாடி நீள்கிறது, அதுவும் பட்டென்று நிற்கிறது. நிசப்தத்தில் டைட்டில், நான்கைந்து விநாடி. மொத்தத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம்.

அவ்வளவு நல்ல மழைக் காட்சியை முதலிலேயே காட்டிவிட்டால் 38-ஆம் நிமிடத்தில் என்ன மிச்சம் இருக்கும்?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, பயமும் நியாயமானதுதான். பதில், எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதில் இருக்கிறது. தார்பாய் பறந்தது வரை காட்டினோம். உப்பு என்ன ஆனது என்று காட்டவில்லை. ஒரு நிகழ்ச்சி திரும்பும் புள்ளி வரைக்கும் போய், திரும்பிய பிறகு என்ன என்பதற்கு ஒரு மூச்சு முன்னால் வெட்டிவிட வேண்டும். மறுநாள் காலை கரைந்து பாதியாகிப்போன குவியலின் முன்னால் அவர் உட்கார்ந்திருக்கும் ஷாட்டை முன்னால் கொண்டு வந்திருந்தால், நீங்கள் பயப்படுவது நடந்திருக்கும்.

38-ஆம் நிமிடத்துக்குத் திரும்பி வரும்போது அதே ஷாட்டுகளை அதே வரிசையில் போடாதீர்கள். அன்று சாயங்காலத்திலிருந்து தொடங்குங்கள். தென்மேற்கில் மேகம், பக்கத்து உப்பளத்திலிருந்து வரும் போன், தார்பாயைத் தேடுவது. ஏற்கெனவே காட்டிய கயிறு நழுவும் ஷாட் மூன்று விநாடி வந்தால் போதும், ‘ஓ, அந்த ராத்திரி இதுதான்’ என்று பார்ப்பவர் பிடித்துக்கொள்வார். உடனே அதைத் தாண்டிப் போய்விடுங்கள். ஒரே கேமராவில் எடுத்ததால் வேறு கோணம் இல்லையென்றால், முன்னால் போட்ட படத்தைத் தவிர்த்து அதன் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே மற்றவர்களின் முகங்களைப் போடலாம். இதற்காகவே கோல்டு ஓப்பனில் போடாத ஷாட்டுகள் சிலவற்றை ஒதுக்கி வையுங்கள். எடிட் டேபிளில் கஞ்சத்தனம் உதவும் இடம் இது.

சிலசமயம் முடிவையே முன்னால் சொல்லலாம். வெர்னர் ஹெர்சோக்கின் ‘கிரிஸ்லி மேன்’ (2005) படத்தின் தொடக்கத்தில் கரடிகளுக்கு முன்னால் நின்று திமதி டிரெட்வெல் பேசிக்கொண்டிருப்பார், திரையில் அவர் பெயரோடு 1957–2003 என்று வரும். ஆள் இறந்துவிட்டார் என்பது அந்த எண்களிலேயே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு ‘பிழைப்பாரா’ என்று யாரும் கேட்பதில்லை, ‘இந்த மனிதர் ஏன் இப்படி வாழ்ந்தார்’ என்றுதான் கேட்கிறோம். உங்கள் படம் கேட்கும் கேள்வி ‘ஏன்’ என்றால் முடிவைத் தாராளமாகக் கொடுங்கள். ‘என்ன ஆகும்’ என்றால் கொடுக்காதீர்கள்.

டைட்டிலுக்கு அடுத்த காட்சி எப்படி இருக்க வேண்டும்?

அமைதியாக. நம் படத்தில் ஜனவரி, காய்ந்த பாத்தி, அதை மிதிக்கும் கால்கள். காலத்தில் பின்னால் வந்திருக்கிறோம் என்று ஒளியே சொல்லிவிடும். சந்தேகமாக இருந்தால் ‘ஜனவரி’ என்று ஒரு சொல் போடுங்கள். ‘நான்கு மாதங்களுக்கு முன்பு’ என்று மட்டும் போடாதீர்கள், தேய்ந்துபோன சொற்றொடர் அது.

குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிக உப்பு விளைவது தமிழ்நாட்டில்தான், அதிலும் தூத்துக்குடிக்குத்தான் முதல் இடம் என்பது போன்ற தகவல்களுக்கும் இங்கேதான் இடம். டைட்டிலுக்கு முன்னால் தகவல் அட்டை போட்டால் பாடம் தொடங்கிவிட்டது என்று தோன்றும். பெயர்ப்பட்டையும் அப்படியே. அவர் யார் என்பதை இங்கே சொல்லிக்கொள்ளலாம்.

எத்தனை நிமிடம் இருக்கலாம்?

52 நிமிடப் படத்துக்கு ஒன்றரையிலிருந்து மூன்று நிமிடம். இருபது நிமிடக் குறும்படத்துக்கு ஒரு நிமிடத்தைத் தாண்டினால் எனக்கு நெருடும். திரையரங்குக்கான தொண்ணூறு நிமிடப் படம் என்றால் நான்கைந்து நிமிடம்கூடத் தாங்கும். இவை கைப்பழக்கத்தில் வந்த அளவுகள்தான், சட்டம் இல்லை. யூடியூபில் போடுவதாக இருந்தால் நீளத்தைவிட முதல் ஐந்து விநாடிதான் முக்கியம், வரிசையாக மூன்று நிறுவன லோகோக்களைப் போட்டு அதைத் தின்றுவிடாதீர்கள். ஒப்பந்தப்படி லோகோ முன்னால் வந்தே ஆக வேண்டும் என்றால், லோகோ ஓடும்போதே உப்பு வாரும் சத்தத்தைக் கீழே தொடங்கிவிடுங்கள்.

பிப்ரவரியில் எடுத்த ஷாட்டையும் மே மாத மழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது பொய்யில்லையா?

எந்த ஷாட் என்பதைப் பொறுத்தது. அந்த அம்மா பிப்ரவரியில் வானத்தைப் பார்த்தது மேகம் வருகிறதா என்று பார்க்கத்தான் என்றால், அது அவர் தினமும் செய்யும் காரியம். அதை மழைக்குப் பக்கத்தில் வைப்பது அவர் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்வது. அன்று தலைக்கு மேல் ஹெலிகாப்டர் போனது, அதைத்தான் பார்த்தார் என்றால், நீங்கள் வைப்பது பொய். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது என்பது சமாதானம் ஆகாது. அதனால்தான் தாளின் இரண்டாவது பத்தியில் ‘வானத்தைப் பார்க்கிறார்’ என்று மட்டும் எழுதாமல், எதைப் பார்த்தார் என்பதையும் அன்றே எழுதி வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

பேச்சில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். ஒரு பேட்டியின் பாதி வாக்கியத்தையும் இன்னொரு நாள் பேட்டியின் பாதியையும் ஒட்டி, மேலே வேறு படத்தைப் போட்டு ஒட்டுத் தெரியாமல் மறைப்பது மிக எளிது. கோல்டு ஓப்பனில் இந்த ஆசை அதிகம் வரும், ஏனென்றால் அங்கே எல்லோருக்கும் ஒரு ‘பஞ்ச்’ வேண்டியிருக்கிறது. நடுவில் உள்ள இருமலை, தடுமாற்றத்தை, திரும்பச் சொன்னதை எடுக்கலாம். பேசியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினால், “ஆமா, இதைத்தான் சொன்னேன்” என்பாரா? அந்த நம்பிக்கை இல்லையென்றால் ஒட்டாதீர்கள். முடிந்தால் உண்மையிலேயே போட்டுக் காட்டுங்கள், அவருடைய மிக மோசமான ராத்திரியைப் படத்தின் வாசலில் வைக்கிறீர்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இசை எப்போது போடுவது?

இசை இல்லாமல் முதலில் வெட்டுங்கள். இசை போட்டு வெட்டினால் எது படத்தின் வலு, எது பாட்டின் வலு என்று தெரியாமல் போகும். நம் எடுத்துக்காட்டில் வாரும் சத்தம், காற்று, மழை மூன்றும் இருக்கின்றன, இசைக்கு வேலையே இல்லை. ஒரு எச்சரிக்கை: தார்பாயின் மேல் மழை விழும் சத்தம் ரெக்கார்டரில் பெரும்பாலும் உச்சியில் முட்டிக் கிழிந்திருக்கும். மழை எடுக்கும்போதே, ஒதுக்குப்புறமாக நின்று லெவலைக் குறைத்து இரண்டு நிமிடம் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கோல்டு ஓப்பனை முதலில் செய்வதா, கடைசியிலா?

இரண்டு தடவை. ஃபுட்டேஜ் எல்லாம் பார்த்து முடித்ததும் ஒன்று செய்யுங்கள், படம் எதைப் பற்றி என்று உங்களுக்கே தெரிந்துகொள்ள அது உதவும். அப்புறம் அதை ஒரு பக்கம் போட்டுவிட்டு முழுப் படத்தையும் வெட்டுங்கள். ரஃப் கட் முடிந்த பிறகு புதிதாகச் செய்யுங்கள். முதலில் செய்ததையே பிடித்துக்கொண்டு இருந்தால், படம் வேறு பக்கம் போயிருக்கும், வாசல் மட்டும் பழைய தெருவைப் பார்த்து நிற்கும்.

எடுபடுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

படத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத மூன்று பேர் வேண்டும். உங்கள் கேமராமேன் கூடாது. டைட்டில் வந்ததும் நிறுத்துங்கள். “எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள், நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே மோசம் என்று சொல்வதில்லை. “இனிமேல் என்ன வரும்னு நினைக்கிறீங்க?” என்று கேளுங்கள். ‘அந்த உப்பு தப்பிச்சதா’ என்ற அர்த்தத்தில் மூவரும் சொன்னால் வேலை முடிந்தது. ‘உப்பு எப்படித் தயாரிக்கிறாங்கன்னு காட்டுவீங்க’ என்றால், தொடக்கத்தில் உள்ள வேலைக் காட்சி நீண்டுவிட்டது. மழை நேரம் குறைந்துவிட்டது என்றும் பொருள். ‘யாரோ எதையோ திருடிக்கிட்டு ஓடுறாங்க’ என்று ஒருவர் சொன்னால் சிரிக்காதீர்கள். ராத்திரி ஷாட் இருட்டாக இருக்கிறது, உப்புக் குவியல் அடையாளம் தெரியவில்லை. குவியல் தெளிவாகத் தெரியும் ஒரு ஷாட்டை ஓட்டத்துக்கு முன்னால் மூன்று விநாடி வையுங்கள்.

ஆரம்பம் பிரமாதம், அப்புறம் தொய்வு என்று பார்த்த எல்லோரும் சொல்கிறார்கள். கோல்டு ஓப்பனை எடுத்துவிடவா?

அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் பிழை ஆரம்பத்தில் இருக்காது. மழை என்ற கேள்வியைப் போட்டுவிட்டு அடுத்த முப்பது நிமிடம் அதைத் தொடவே இல்லை என்றால், பார்ப்பவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். ஆறாவது நிமிடத்தில் ரேடியோவில் ஒரு வானிலை அறிக்கை, பதினைந்தாவதில் போன வருடத்துக் கிழிந்த தார்பாயைத் தைப்பது, இருபத்தைந்தாவதில் தூரத்தில் ஒரு இடி. இவ்வளவு போதும், நடுவில் உள்ள சமையலும் சண்டையும் மகளின் படிப்பும் அந்த இடிக்குக் கீழே நடப்பதாகிவிடும். இவற்றைச் சேர்த்த பிறகும் தொய்வு என்றால்தான் ஆரம்பத்தைக் குறையுங்கள், ராத்திரிக் காட்சியை நாற்பதிலிருந்து இருபது விநாடியாக.

மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் தருணம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. என்ன செய்ய?

அப்படியானால் கோல்டு ஓப்பன் வேண்டாம், டைட்டிலோடு தொடங்குங்கள். மெல்ல மெல்லச் சேர்ந்து கனக்கும் படங்களில், எதைப் பிய்த்து முன்னால் வைத்தாலும் அது செத்துப்போகும். ஒரே ஒரு பின்னணித் தகவல் மட்டும் தேவைப்படும் தருணம் இருந்தால், அதை அதே ஷாட்டுக்குள் யாராவது பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்களா என்று ரஷ்ஷை, அதாவது வெட்டாத மூல ஃபுட்டேஜை, இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள், முக்கியமாக கேமரா அணைவதற்குச் சற்று முன்னால் பேசியதை. சண்டைக் காட்சியில் காண்டிராக்டர் போன பிறகு, கேமரா ஓடுவது தெரியாமல் அந்த அம்மா பக்கத்தில் இருப்பவரிடம் முழுக் கணக்கையும் ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். அதைப் பயன்படுத்தும் முன் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.